நாணயச் சந்தையின் ஒரு நாள்: ஸ்ப்ரெட் ஏன் மணிக்கு மணி மாறுகிறது?

ஃபாரெக்ஸ் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் "அது 24 மணி நேர மார்க்கெட்" என்ற வாக்கியம் சீக்கிரமே வந்துவிடும். அது உண்மைதான். திங்கள் அதிகாலை நியூசிலாந்தில் வியாபாரம் தொடங்கினால் வெள்ளி மாலை நியூயார்க்கில் கடை கட்டும்வரை டாலர், யூரோ, யென் எல்லாம் கைமாறிக்கொண்டே இருக்கும். ஆனால் இதைக் கேட்பவர்கள் பலர், எந்த மணியில் வாங்கினாலும் விற்றாலும் ஒன்றுதான் என்று புரிந்துகொள்கிறார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

பெங்களூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் அந்நியச் செலாவணிக் கணக்குகளைப் பார்ப்பது என் வேலை. இங்குள்ள நம் ஊர்ப் பிள்ளைகளில் நிறைய பேர் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்து டாலரில் சம்பளம் வாங்குகிறார்கள். "அண்ணா, மார்க்கெட் ராத்திரி பகலா ஓடுதே, அப்புறம் ஏன் பேங்க் சாயங்காலம் மோசமான ரேட் சொல்லுது?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. சந்தை திறந்திருப்பது வேறு, சந்தையில் ஆள் இருப்பது வேறு என்ற இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில், ஸ்ப்ரெட் என்றால் என்ன?

நாணயத்துக்கு ஒரே விலை என்று எதுவும் கிடையாது. எந்த நேரத்திலும் இரண்டு விலைகள் இருக்கும். நீங்கள் விற்க வந்தால் உங்களுக்குக் கிடைக்கும் விலைக்குப் பெயர் பிட். நீங்கள் வாங்க வந்தால் கொடுக்க வேண்டிய விலைக்குப் பெயர் ஆஸ்க். ஆஸ்க் எப்போதும் பிட்டைவிடக் கொஞ்சம் அதிகம். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் ஸ்ப்ரெட்.

யூரோவை டாலருக்கு மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். திரையில் பிட் 1.1000, ஆஸ்க் 1.1001 என்று இருக்கிறது. இந்த நான்காவது தசம இடத்தில் ஒரு எண் நகர்வதை ஒரு பிப் என்பார்கள். இங்கே ஸ்ப்ரெட் ஒரு பிப். 10,000 யூரோ வாங்கி அடுத்த நொடியே விற்றால் ஒரு டாலர் போய்விடும். அதே ஸ்ப்ரெட் ஆறு பிப் ஆக இருந்தால் ஆறு டாலர் போகும். விலை எந்தப் பக்கமும் அசையாமலேயே இந்தச் செலவு வந்துவிடுகிறது.

இந்த இடைவெளி யாருக்குப் போகிறது? இரண்டு பக்கமும் விலை சொல்லிக்கொண்டு, வருகிறவரிடம் வாங்கவும் விற்கவும் தயாராக நிற்பவருக்கு. பெரிய வங்கிகளும் கணினி வழியாக வியாபாரம் செய்யும் சில நிறுவனங்களும்தான் இந்த வேலையைச் செய்கின்றன. அவர்களை இந்தக் கட்டுரையில் டீலர் என்றே சொல்கிறேன்.

கே.ஆர். மார்க்கெட் பூ வியாபாரி

டீலரின் மனநிலையைப் புரிந்துகொள்ள பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டில் மல்லிகை வாங்கி விற்கும் மொத்த வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதிகாலையில் ஒருபக்கம் தோட்டத்திலிருந்து மூட்டை வந்து இறங்குகிறது, மறுபக்கம் சில்லறைக் கடைக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். கிலோ 400 ரூபாய்க்கு வாங்கி 410-க்குத் தள்ளிவிட்டால் போதும். பத்து ரூபாய் லாபம் குறைவாகத் தெரியலாம். ஆனால் பூ அவர் கையில் இருந்தது சில நிமிடம்தான்.

அதே வியாபாரியிடம் மதியம் இரண்டு மணிக்கு ஒருவர் பூ மூட்டையோடு வருகிறார். இப்போது வாங்க ஆள் இல்லை. மாலைக் கூட்டம் வரும்வரை பூ கையில்தான் இருக்கும். அதற்குள் வாடலாம், விலையும் இறங்கலாம். அதனால் 320-க்கு மேல் கொடுக்க மாட்டார். ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் போய் பூ கேட்டால் 410 என்றுதான் சொல்வார். பத்து ரூபாய் இடைவெளி தொண்ணூறு ரூபாய் ஆகிவிட்டது. இதைப் பேராசை என்று சொல்ல முடியாது. வாங்கியதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதுதான் அந்த இடைவெளியைத் தீர்மானிக்கிறது.

டீலரின் காத்திருப்பை எண்ணில் பார்ப்போம்

நாணய டீலருக்கும் இதே பிரச்சினைதான். பத்து மில்லியன் யூரோவை ஒருவர் அவரிடம் விற்றுவிட்டுப் போய்விடுகிறார். டீலர் அதை யாரிடமாவது விற்றுத் தீர்க்கும்வரை விலை இறங்கினால் நஷ்டம் அவருடையது. ஆகவே ஸ்ப்ரெட்டில் இரண்டு விஷயங்கள் சேர்கின்றன. ஒன்று, விற்றுத் தீர்க்க எவ்வளவு நேரம் ஆகும். இன்னொன்று, அந்த நேரத்துக்குள் விலை எவ்வளவு அசையக்கூடும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். விலை ஒரே திசையில் நடந்து போவதில்லை, முன்னும் பின்னும் தடுமாறியபடி நகர்கிறது. அதனால் காத்திருக்கும் நேரம் நான்கு மடங்கானால் விலை விலகக்கூடிய தூரம் தோராயமாக இரண்டு மடங்குதான் ஆகும். நேரம் பதினாறு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு.

கூட்டமான நேரத்தில் விலை ஒரு நிமிடத்தில் சுமார் இரண்டு பிப் அசைகிறது என்று வைத்துக்கொள்வோம். டீலர் தன் கையிருப்பைக் கால் நிமிடத்தில் தீர்த்துவிடுகிறார். கால் நிமிடத்துக்கான அசைவு பாதியளவு, அதாவது ஒரு பிப். இப்போது ஆள் இல்லாத நேரத்துக்கு வருவோம். விலை அமைதியாக இருக்கிறது, நிமிடத்துக்கு ஒரு பிப்தான் அசைகிறது. ஆனால் அதே அளவு யூரோவை விலையைக் கெடுக்காமல் விற்றுத் தீர்க்கப் பதினாறு நிமிடம் ஆகிறது. பதினாறு நிமிடத்துக்கான அசைவு நான்கு பிப். விலையின் துடிப்பு பாதியாகக் குறைந்தும் டீலரின் ஆபத்து நான்கு மடங்காகிவிட்டது.

எண்கள் நான் எளிமைக்காக எடுத்துக்கொண்டவை. ஆனால் இந்தக் கணக்கு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. அதிகாலையில் சார்ட்டைப் பார்த்து, "விலை அசையவே இல்லை, ஆபத்தில்லாத நேரம்" என்று நினைப்பவர்கள், கையிருப்பைத் தீர்க்க ஆகும் நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

இப்படிப் பெரிய அளவை, விலையை அதிகம் அசைக்காமல், சீக்கிரமாக வாங்கவோ விற்கவோ முடிகிற நிலைக்குத்தான் லிக்விடிட்டி என்று பெயர்.

சுருக்கமாக: ஸ்ப்ரெட் என்பது டீலர் காத்திருப்பதற்கான கூலி. லிக்விடிட்டி கூடினால் காத்திருப்பு குறைகிறது, கூலியும் குறைகிறது. இனி, எந்த மணியில் ஆள் கூடுகிறார்கள் என்று பார்ப்போம்.

இந்திய நேரத்தில் ஒரு நாள்

நாணயச் சந்தைக்குக் கட்டடம் கிடையாது. ஒவ்வொரு நிதி நகரத்திலும் டீலர்கள் வேலைக்கு வந்து உட்காரும் நேரத்தைத்தான் செஷன் என்கிறோம். எல்லா நகரங்களும் ஒரே எடை கொண்டவை அல்ல. சர்வதேசத் தீர்வு வங்கி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இதைக் கணக்கெடுக்கிறது. 2025 ஏப்ரல் கணக்கின்படி உலகில் ஒரு நாளைக்குச் சுமார் 9.6 லட்சம் கோடி டாலர் கைமாறுகிறது. அதில் பிரிட்டனின் பங்கு சுமார் 38 விழுக்காடு, அமெரிக்கா 19, சிங்கப்பூர் 12, ஹாங்காங் 7. பிரிட்டனும் அமெரிக்காவும் மட்டுமே பாதிக்கு மேல். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

கோடைக்கால நேரத்தில், அதாவது அமெரிக்காவும் ஐரோப்பாவும் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருக்கும் மாதங்களில், யூரோ–டாலரின் ஒரு நாள் நம் கடிகாரத்தில் இப்படிப் போகும்.

அதிகாலை 2:30-க்கு நியூயார்க்கில் மாலை ஐந்து மணி. சந்தையின் வழக்கப்படி ஒரு நாள் முடிந்து அடுத்த நாள் பிறப்பது இந்த நிமிடத்தில்தான். இதை ரோல்ஓவர் என்பார்கள். அப்போது வெலிங்டனும், பொழுது விடியும் சிட்னியும் மட்டுமே விழித்திருக்கும். 5:30-க்கு டோக்கியோவில் காலை ஒன்பது மணி, அடுத்த ஒரு மணி நேரத்தில் சிங்கப்பூரும் ஹாங்காங்கும் சேர்ந்துகொள்ளும். காலை 6:25-க்கு டோக்கியோ வங்கிகள் அன்றைய வாடிக்கையாளர் விலையை நிர்ணயிக்கும். ஜப்பானிய இறக்குமதியாளர்களின் டாலர் தேவை அந்த நேரத்தில் குவிவதால் யென் வியாபாரம் சூடாக இருக்கும். யூரோவுக்கு அது இன்னும் தூக்க நேரம்தான். ஒவ்வொரு நாணயத்துக்கும் சொந்த ஊர் நேரம் உண்டு என்பதை இங்கே கவனியுங்கள். காலை ஏழு மணிக்கு யென்னின் ஸ்ப்ரெட் நியாயமாக இருக்கிறது என்பதால் பவுண்டின் ஸ்ப்ரெட்டும் அப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை.

பகல் 12:30-க்கு லண்டனில் காலை எட்டு. ஃப்ராங்ஃபர்ட்டும் பாரிஸும் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருப்பார்கள். நாளின் உண்மையான தொடக்கம் இதுதான். ஸ்ப்ரெட் சட்டென்று சுருங்குவதைத் திரையிலேயே பார்க்கலாம்.

மாலை 5:30-க்கு நியூயார்க் எட்டு மணிக்கு வேலைக்கு வருகிறது. லண்டனும் இன்னும் இருக்கிறது. 5:30 முதல் 9:30 வரையிலான இந்த நான்கு மணி நேரத்தில்தான் உலகின் இரண்டு பெரிய கடைகளும் ஒன்றாகத் திறந்திருக்கின்றன. லிக்விடிட்டியின் உச்சம் இது. இரவு 7:30-க்கு நியூயார்க்கில் காலை பத்து மணி, குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஆப்ஷன் ஒப்பந்தங்கள் பெருமளவு முடியும் நேரம். 8:30-க்கு லண்டனில் மாலை நான்கு மணி. உலகெங்கும் உள்ள ஃபண்டுகள் தங்கள் சொத்து மதிப்பைக் கணக்கிடப் பயன்படுத்தும் நிர்ணய விலை அப்போது எடுக்கப்படுகிறது. அதனால் அந்தச் சில நிமிடங்களில் மிகப் பெரிய ஆர்டர்கள் வந்து விழும்.

9:30-க்கு லண்டன் வீட்டுக்குப் போகிறது. அதன் பிறகு நியூயார்க் தனியாக, வேகம் குறைந்துகொண்டே, மறுபடி அதிகாலை 2:30 வரை ஓட்டும். வெள்ளிக்கிழமை என்றால் லண்டன் போனதுமே கடை பாதி காலி. சனி, ஞாயிறு கையில் இருப்பைச் சுமக்க எந்த டீலருக்கும் விருப்பம் இருக்காது.

அதிகாலைப் பள்ளம்

நான் அதிகம் எச்சரிக்க விரும்பும் நேரம் அதிகாலை 2:30 முதல் 5:30 வரை. நியூயார்க் போய்விட்டது, டோக்கியோ வரவில்லை. அதோடு ரோல்ஓவர் சமயத்தில் வங்கிகளின் கணினி அமைப்புகள் நாள் கணக்கை முடித்து அடுத்த நாளுக்கு மாற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சில நிமிடங்களில் பல டீலர்கள் விலை சொல்வதையே நிறுத்திவைப்பார்கள், அல்லது நன்றாகத் தள்ளிச் சொல்வார்கள். பகலில் ஒரு பிப்புக்குள் இருந்த ஸ்ப்ரெட் பல மடங்காவது அப்போது சாதாரணம்.

2016 அக்டோபர் 7 அன்று நடந்ததைப் பாருங்கள். நம் நேரப்படி அதிகாலை 4:37. லண்டனில் நள்ளிரவு தாண்டி ஏழு நிமிடம். 1.26 டாலர் அருகில் இருந்த பவுண்டு, சில நிமிடங்களுக்குள் சுமார் 9 விழுக்காடு சரிந்தது. பிறகு அதில் பெரும்பகுதியைச் சீக்கிரமே மீட்டும்விட்டது. உலகின் முக்கிய நாணயம் ஒன்று, போர் இல்லாமல், வங்கி திவால் இல்லாமல், இப்படி விழுந்தது. சர்வதேசத் தீர்வு வங்கியின் குழு ஒன்று இதை ஆராய்ந்து 2017 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. ஒற்றைக் காரணம் என்று எதையும் அது சுட்டவில்லை. ஆனால் அந்த நேரம், அதாவது பவுண்டு வியாபாரம் மிக மெலிந்திருக்கும் மணி, முக்கியப் பங்கு வகித்தது என்றது. விற்பனை ஆர்டர்கள் வந்தபோது எதிர்ப்பக்கம் வாங்க ஆள் போதவில்லை. பின்னொரு தேதிக்கான விலையை இன்றே பேசி முடிக்கும் சிகாகோவின் ஃபியூச்சர்ஸ் சந்தை விலை வரம்பைத் தொட்டு நின்றதும், அதைப் பார்த்து விலை சொல்லிவந்த கணினிகளும் ஒதுங்கிக்கொண்டன. மிச்சம் இருந்த கொஞ்ச நஞ்ச லிக்விடிட்டியும் போயிற்று.

2019 ஜனவரி 3 அன்று யென்னுக்கு நடந்ததும் இதே பள்ளத்தில்தான். நம் நேரம் அதிகாலை நான்கு மணி வாக்கில், 109 யென் அருகில் இருந்த ஒரு டாலர் சில நிமிடங்களில் 105-க்கும் கீழே போனது. அன்று ஜப்பானில் புத்தாண்டு விடுமுறை. சந்தை மெலிந்திருக்கும் மணியில், யென்னின் சொந்த ஊர்க்காரர்களும் இல்லை.

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் அபூர்வம். ஆனால் இந்தப் பள்ளம் தினமும் சின்ன அளவில் ஒரு வேலை செய்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. உதாரணமாக, ஒருவர், விலை இறங்கிய பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று யூரோவை 1.1000-க்கு விற்றுவிட்டு, விலை 1.1010-க்கு ஏறினால் நஷ்டத்தோடு வெளியேறும்படி ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறார். காலையில் பார்த்தால் ஸ்டாப் அடிபட்டிருக்கிறது. ஆனால் சார்ட்டில் இரவின் உச்ச விலை 1.1004 மட்டுமே. ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம் வரும்.

நடந்தது என்னவென்றால், பெரும்பாலான சார்ட்கள் பிட் விலையைத்தான் வரைகின்றன. விற்றவர் வெளியேற வேண்டுமானால் வாங்க வேண்டும். அதற்கு ஆஸ்க் விலைதான் கணக்கு. ரோல்ஓவரில் ஸ்ப்ரெட் ஏழு பிப் ஆனபோது பிட் 1.1004, ஆஸ்க் 1.1011. ஸ்டாப் அடிபட்டது. கண்டுபிடிப்பது எளிது. அடிபட்ட நேரம் 2:30-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள், சார்ட்டில் ஆஸ்க் கோட்டையும் காட்டும்படி மாற்றிப் பாருங்கள். ஆஸ்க் அங்கே போய்வந்திருந்தால் அது ஸ்ப்ரெட்டின் வேலை.

கூட்டம் நிறைந்திருந்தும் ஸ்ப்ரெட் அகலும் நேரம்

இதுவரை படித்தவர்களுக்கு, உச்ச நேரத்தில் ஸ்ப்ரெட் எப்போதும் குறைவாகவே இருக்கும் என்று தோன்றும். அதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு.

அமெரிக்காவின் வேலைவாய்ப்பு, பணவீக்கம் போன்ற புள்ளிவிவரங்கள் நியூயார்க் நேரம் காலை 8:30-க்கு வெளியாகும். கோடையில் நமக்கு அது சரியாக மாலை ஆறு மணி. உச்ச நேரத்துக்குள்ளேயே. லண்டன் இருக்கிறது, நியூயார்க் இருக்கிறது, எல்லாரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனாலும் 5:59-க்கு ஸ்ப்ரெட் அகலத் தொடங்கும்.

டீலரின் கணக்கு இப்போது மாறிவிட்டது. கையிருப்பைத் தீர்க்க நேரம் ஆகாது, ஆனால் அடுத்த நொடியில் விலை நாற்பது பிப் தாவக்கூடும். இன்னொரு பயமும் சேர்கிறது. செய்தியை ஒரு கண்ணிமைப்பு முன்னதாகப் படித்துவிட்ட கணினி ஒன்று, டீலர் விலையை மாற்றும் முன்பே அவருடைய பழைய விலையில் வாங்கிவிடும். தன்னைவிட அதிகம் தெரிந்தவரிடம் விற்றுவிட்டோமே என்ற இந்த ஆபத்துக்கு அவர் கேட்கும் கூலிதான் அந்த அகலம். அதனால் செய்திக்குச் சற்று முன்பே ஆர்டர்களை எடுத்துவிடுகிறார்கள். செய்தி வந்து, விலை ஓர் இடத்தில் நிலைகொண்டதும், பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே ஸ்ப்ரெட் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இந்த இரண்டு அகலத்தையும் வேறுபடுத்தித் தெரிந்துகொள்வது முக்கியம். அதிகாலையில் ஸ்ப்ரெட் அகல்வது ஆள் இல்லாததால். அது ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட நீடிக்கும். செய்தி நேரத்தில் அகல்வது பயத்தால். அது சீக்கிரம் அடங்கும். முதலாவதற்குப் பகல்வரை காத்திருப்பது நல்லது. இரண்டாவதற்குப் பத்து நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் போதும்.

சுருக்கமாக: ஆள் அதிகம், செய்தி இல்லை என்ற இரண்டும் சேரும் நேரத்தில்தான் ஸ்ப்ரெட் மிகக் குறைவு. யூரோ–டாலருக்கு அது பெரும்பாலும் லண்டன் தொடங்கி நன்றாகச் சூடான பிறகும், நியூயார்க் செய்திகள் அடங்கிய பிறகும் கிடைக்கும்.

கடிகாரம் மாறும் வாரங்கள்

நாம் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அவர்கள் மாற்றுகிறார்கள். குளிர்காலத்தில் மேலே சொன்ன லண்டன், நியூயார்க் நேரங்கள் எல்லாம் நமக்கு ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். லண்டன் 1:30, நியூயார்க் 6:30, ரோல்ஓவர் அதிகாலை 3:30. டோக்கியோ மட்டும் மாறாது, ஜப்பானும் நம்மைப் போலத்தான்.

சிக்கல் நடுவில் வருகிறது. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றே மாறிவிடும், பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறுவரை காத்திருக்கும். அந்த இரண்டு மூன்று வாரங்களில் நியூயார்க் 5:30-க்கே வந்துவிடும், லண்டனோ 10:30 வரை இருக்கும். இரண்டும் சேர்ந்திருக்கும் நேரம் ஐந்து மணி ஆகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் இடையிலும் இதே நிலை. "போன வாரம் இதே நேரத்தில் நன்றாக இருந்ததே" என்று குழப்பம் வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள்.

நம் ரூபாய்க்கு வேறு கடிகாரம்

பெங்களூரில் உட்கார்ந்து டாலரை ரூபாயாக்குபவருக்கு மேலே சொன்னதில் பாதிதான் பொருந்தும். ரூபாய் வியாபாரம் இந்திய வங்கிகளுக்கு இடையே காலை 9 முதல் பிற்பகல் 3:30 வரைதான் நடக்கிறது. கோவிட் தொடங்கியபோது, 2020 ஏப்ரலில், ரிசர்வ் வங்கி இதை 10 முதல் 2 மணிவரை என்று சுருக்கியது. 2022 ஏப்ரல் 18 முதல் இப்போதைய நேரம். அதாவது லண்டனும் நியூயார்க்கும் சேர்ந்து யூரோவின் ஸ்ப்ரெட்டைச் சுருக்கும் மாலை நேரத்தில், நம் ரூபாய்ச் சந்தை மூடியிருக்கிறது.

மாலையில் ரூபாய்க்கு விலையே இல்லை என்று சொல்ல முடியாது. சிங்கப்பூரிலும் லண்டனிலும் ரூபாயைக் கையில் தொடாமல், விலை வித்தியாசத்தை டாலரிலேயே தீர்த்துக்கொள்ளும் என்.டி.எஃப் ஒப்பந்தங்கள் ஓடிக்கொண்டிருக்கும். நம் வங்கிகளும் வாடிக்கையாளருக்கு எந்த நேரமும் விலை சொல்லலாம் என்று 2020 ஜனவரியிலேயே அனுமதி வந்துவிட்டது. ஆனால் மாலை ஆறு மணிக்கு உங்களிடம் டாலர் வாங்கும் வங்கி, அதை உள்ளூர்ச் சந்தையில் மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் தீர்க்க முடியும். இல்லாவிட்டால் வெளிநாட்டுச் சந்தையில் ஈடுகட்ட வேண்டும், அதற்கும் செலவு உண்டு. மறுபடியும் காத்திருப்புதான். தம்பிகள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

எக்ஸ்சேஞ்சில் யூரோ–டாலர், பவுண்டு–டாலர், டாலர்–யென் ஃபியூச்சர்ஸ் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவை இரவு 7:30 வரை ஓடும். கோடையில் உச்ச நேரத்தில் இரண்டு மணியும், குளிர்காலத்தில் ஒரு மணியும்தான் உங்களுக்குக் கிடைக்கும். உலகச் சந்தையில் கூட்டம் நிரம்பியிருந்தாலும் நீங்கள் பார்க்கும் ஆர்டர் பட்டியலில் ஆள் குறைவாக இருந்தால் ஸ்ப்ரெட் அகலமாகத்தான் இருக்கும். அதனால் ஆர்டர் போடும் முன், முதல் விலைக்குப் பின்னால் எவ்வளவு அளவு நிற்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டுச் செயலிகளில் 24 மணி நேரமும் செய்யலாம் என்று விளம்பரம் வரும். அனுமதியில்லாத அத்தகைய தளங்களின் பெயர்களை ரிசர்வ் வங்கி எச்சரிக்கைப் பட்டியலாகவே வெளியிட்டிருக்கிறது, அவற்றில் வியாபாரம் செய்பவர்மேல் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை வரலாம்.

இனி, 3,000 டாலர் சம்பளம் வரும் ஒரு தம்பியின் கணக்கு. மதியம் ஒரு மணிக்கு வங்கிகளுக்கு இடையிலான விலை ஒரு டாலருக்கு 90.00 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிளை அவருக்குக் கொடுப்பது 89.20. இது கார்டு ரேட், அதாவது காலையில் ஒருமுறை நிர்ணயித்து அந்த நாள் முழுக்கப் பயன்படுத்தும் விலை. ஒரே விலையை நாள் முழுக்க மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்றால், நாள் முழுக்க விலை அசையக்கூடிய தூரத்துக்கும் சேர்த்து வங்கி இடம் விட்டாக வேண்டும். டீலரின் காத்திருப்பு மிக நீளமாக இருக்கும் உதாரணம் இதுதான். அதே நிமிடத்தில் வங்கியின் கருவூலப் பிரிவை அழைத்து நேரடி விலை கேட்டால் 89.85 கிடைக்கலாம். 65 பைசா வித்தியாசம், 3,000 டாலருக்கு 1,950 ரூபாய்.

கேட்க ஏற்ற நேரம் காலை பத்து மணிக்கு மேல், பிற்பகல் மூன்று மணிக்குள். ஒன்பது மணிக்குத் திறந்ததும் இரவு முழுக்க வெளிநாட்டில் நடந்த அசைவை ரூபாய் ஒரே மூச்சில் எட்டிப் பிடிக்கும், அந்த முதல் நிமிடங்கள் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். 11:30 முதல் 12:30 வரையிலான நேரத்துக்குள் நடக்கும் வியாபாரத்தை வைத்துத்தான் எஃப்.பி.ஐ.எல் நிறுவனம் அன்றைய குறிப்பு விலையை வெளியிடுகிறது. நீங்கள் பெற்ற விலை நியாயமா என்று பார்க்க அந்தக் குறிப்பு விலை ஓர் அளவுகோல். ஆனால் அது நண்பகல் விலை. நீங்கள் மூன்று மணிக்கு மாற்றியிருந்தால் இடையில் சந்தை நகர்ந்திருக்கலாம், அதையும் வங்கியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

சின்னத் தொகைக்குக் கருவூலத்தை அழைக்க மாட்டோம் என்று சொல்லும் கிளைகளும் உண்டு. அங்கே கார்டு ரேட் மட்டும்தான் என்றால், காலை பத்து மணிக்குப் போனாலும் மூன்று மணிக்குப் போனாலும் பெரும்பாலும் அதே விலைதான் கிடைக்கும். அப்போது நேரத்தைப் பார்த்துப் பயனில்லை. எத்தனை டாலருக்கு மேல் நேரடி விலை தருவீர்கள், எத்தனை மணிக்குள் சொன்னால் அன்றைய விலை கிடைக்கும் என்ற இரண்டையும் கிளையில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொகை அந்த எல்லைக்குக் கொஞ்சம் கீழே இருந்தால், டாலரை வெளிநாட்டு நாணயக் கணக்கில் வைத்துக்கொள்ளத் தகுதி உள்ளவர்கள் இரண்டு மாதச் சம்பளத்தைச் சேர்த்து ஒரே தடவையாக மாற்றலாம். அதற்குள் ரூபாய் ஏறி இறங்கும் ஆபத்து மட்டும் இப்போது வங்கியிடமிருந்து உங்கள் கைக்கு வந்துவிடும்.